ஆறாம் வகுப்புக்கு முன் ஒரு கணக்கு: தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா? கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

"சார், பொண்ணு அஞ்சாவது முடிக்கிறா. தனியார் பள்ளியிலேயே விடலாமா, அரசுப் பள்ளிக்கு மாத்தலாமா? வீட்டுக்காரர் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுறார். நான் மருந்துக் கடையில வேலை. ஒரு ஏக்கர் தேயிலை இருக்கு. பையன் ஒண்ணாவது."

மாற்றலாம் என்பதுதான் என் பதில், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கை வைத்துச் சொல்கிறேன். அதை உங்கள் கண் முன்னாலேயே போட்டுப் பார்த்துவிடுவோம்.

டாக்ஸியில் டீசல், ரிப்பேர், இன்சூரன்ஸ் போக மாதச் சராசரி 16,000 ரூபாய். சீசனில் 30,000 வரும், மழை மாதத்தில் 8,000 தேறுவதே கஷ்டம். உங்கள் சம்பளம் 9,000. இலை பறிப்புக் கூலி, உரம் போகத் தோட்டத்தில் வருஷத்துக்கு 30,000 நிற்கிறது. ஆக வருஷ வருமானம் 3,30,000.

வீட்டுச் செலவு: மளிகை 9,000, கேஸ், கரண்ட், போன் எல்லாமாக 2,500, மாமியார் மருந்து 2,000, வண்டிக் கடன் தவணை 4,500, மகளிர் குழுவுக்கு 1,500. மாதம் 19,500 என்றால் வருஷம் 2,34,000. பண்டிகை, துணி, கல்யாண மொய் எல்லாம் சேர்த்து 20,000. மீதம் 76,000 ரூபாய். பள்ளிக்கூடம், நோய்நொடி, பிற்பாடு கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் இந்த 76,000-ஐத்தான் நம்ப வேண்டும்.

இப்போது பள்ளிச் செலவைப் பாருங்கள். மகளுக்குக் கட்டணம் 38,000, வேன் 12,000, புத்தகமும் சீருடையும் 7,000, ஆண்டு விழா, சுற்றுலா என்று அவ்வப்போது கேட்பது 3,000. மொத்தம் 60,000. மகனுக்கு இதே மாதிரி 50,000. இரண்டும் சேர்ந்தால் 1,10,000. கையில் இருப்பது 76,000. ஆக வருஷத்துக்கு 34,000 துண்டு விழுகிறது. உங்கள் சங்கிலி இரண்டு வருஷமாக அடகிலிருந்து வீட்டுக்கு வராததன் காரணம் இதுதான்.

மகளை மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் பாடப்புத்தகமும் பஸ் பாஸும் இலவசம். எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடையும் உண்டு. நோட்டு, பை, சில்லறைச் செலவுக்கு 6,000 வையுங்கள், மாலை டியூஷனுக்கு 8,000 வையுங்கள். அவளுக்கு 14,000, தம்பிக்கு 50,000, ஆக 64,000. துண்டு விழுவது நின்று 12,000 மிஞ்சுகிறது.

மிஞ்சுகிறது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. வண்டியில் கியர்பாக்ஸ் போனால் அந்த 12,000 போதாது. ஆனால் வண்டிக் கடன் 2029-இல் முடியும் என்கிறீர்கள். அன்றிலிருந்து வருஷத்துக்கு 54,000 கைக்கு வரும். அதுவரை மூன்று வருஷம் கடன் வாங்காமல் தள்ளுவதற்குத்தான் இந்த ஏற்பாடு.

"எட்டாவது முடிச்சு மாத்தினா ஆகாதா? ஏன் ஆறாவதையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அரசு போட்டிருக்கும் கோடு அங்கே இருப்பதால். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் அதே 7.5 பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாவதில் சேர்ந்தால்கூட ஒரு வருஷம் குறைகிறது, ஒதுக்கீடு கிடையாது. எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வருபவர்களில், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் கட்டணம் கட்டிப் படிக்க வைத்தவர்கள், அது பொருந்தாது.

மருத்துவ இடத்தைக் கணக்கில் எழுதவே எழுதாதீர்கள். நீட் எழுதித் தேற வேண்டும், இடங்களும் மிகக் குறைவு. கிடைத்தால் அதிர்ஷ்டம். பொறியியல் அப்படியல்ல. நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என 200-க்குக் கட்-ஆஃப், அதன்பின் கலந்தாய்வு. 7.5 ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு விடுதிச் செலவு எவ்வளவு பெரிது என்பது அனுப்பினவர்களுக்குத் தெரியும்.

பொறியியல் வேண்டாம், பி.காம். போதும் என்றாலும் ஒன்று கையில் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை. இதெல்லாம் இன்றைய விதி. ஏழு வருஷத்தில் மாறாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் முதல் கணக்கில் இதில் ஒரு ரூபாயைக்கூட நான் சேர்க்கவில்லை. சலுகை ஒன்றுமே கிடைக்காமல் போனாலும் அந்த 34,000 துண்டு அடைபட்டிருக்கும்.

"நகையை வெச்சுக் கட்டிடலாம்கிறார் வீட்டுக்காரர். படிப்புக்குத்தானே, தப்பா?"

ஒரு வருஷம் வைப்பது தப்பில்லை. பிரசவம், ஆபரேஷன், வண்டி விபத்து என்று ஒரு வருஷம் இடறினால் நகைதான் கைகொடுக்கும். நகைக்கடன் மேஜையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான், ஜூன் முதல் வாரத்தில் யார் எதற்கு வருகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். முதல் தடவை வருபவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. போன ஜூனில் வைத்ததை மீட்காமல், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி எழுதிவிட்டு, இன்னொரு வளையலையும் எடுத்து நீட்டுபவர்கள்தான் சிக்கிக்கொண்டவர்கள். உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள அது போதும்: இந்த ஜூனில் வைத்த நகை அடுத்த ஜூனுக்குள் வீடு திரும்புகிறதா?

உங்கள் வீட்டுத் துண்டு ஒரு வருஷத்தோடு போவதல்ல. வருமானமும் கட்டணமும் ஒரே வேகத்தில் ஏறும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், வருஷம் 34,000 என்று மூன்று வருஷம் வைத்தால், பத்து சதவீத வட்டியோடு 1,12,000 தாண்டிவிடும். வண்டிக் கடன் முடிந்து வரும் பணம் இரண்டு வருஷத்துக்கு இந்த நகையை மீட்கவே போகும்.

கட்டணமோ வருமானத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை, அதை முந்திக்கொண்டு ஓடுகிறது. வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால் இன்றைய 60,000 மகள் பன்னிரண்டாவதுக்குப் போகும்போது 95,000. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 5,35,000. அரசுப் பள்ளியின் 14,000-ஐயும் அதே வேகத்தில் ஏற்றினால் ஏழு வருஷத்துக்கு 1,25,000. நடுவில் இருக்கும் நாலு லட்சம் சொச்சத்தைக் கல்லூரிப் பணம் என்று பார்க்கத் தோன்றும். உங்கள் வீட்டில் அது சேமிப்பாக மாறாது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி உங்களிடம் இல்லாத பணம். வாங்காமல் விட்ட கடன் அது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மகனைப் பன்னிரண்டு வரை ஒரு பேர்பெற்ற பள்ளியில் படிக்க வைத்தேன். நல்ல பள்ளிதான், குறை சொல்ல மாட்டேன். மதிப்பெண்ணும் வாங்கினான். கல்லூரியில் சேர்க்கும்போது மனைவியின் நகை முழுக்க என் வங்கியிலேயே இருந்தது. அவன் ஆசைப்பட்ட பிரிவு வேறு ஊரில் கிடைத்தது, விடுதிக்குப் பணம் இல்லாமல் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கிடைத்ததில் சேர்த்தேன். பள்ளிக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கல்லூரி வாசலில் கையை விரித்தவன் நான்.

"பொண்ணை அரசுப் பள்ளிக்கு மாத்திட்டு, பையனை மட்டும் தனியார்ல வெச்சா ஊர் என்ன சொல்லும்? நாளைக்கு அவளே கேட்டா?"

ஊர் சொல்வது கிடக்கட்டும். அவள் கேட்பாள், கேட்க வேண்டிய கேள்விதான். இந்த மலையில் பெண்ணைச் சும்மா படிக்கும் பள்ளிக்கும் பையனைக் கட்டணப் பள்ளிக்கும் அனுப்பும் வீடுகள் எத்தனையோ உண்டு. உங்கள் ஏற்பாடும் வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் அப்படித்தான் தெரியும்.

வித்தியாசம் ஒன்றே ஒன்றில்தான் இருக்கிறது. அவள் வந்து நிற்பது ஆறாம் வகுப்பு வாசலில். அவன் அதே வாசலுக்கு 2030 ஜூனில் வருவான். அன்றைக்கு அவனையும் அரசுப் பள்ளிக்கு மாற்றுவதாக இன்றே நீங்கள் இருவரும் பேசி முடிவெடுத்து, மகள் காதில் விழும்படி சொன்னால் இது வயதுக் கணக்கு. "அப்போ பார்த்துக்கலாம்" என்று விட்டால், வண்டிக் கடன் முடிந்து கையில் பணம் புழங்கும் அந்த வருஷத்தில் அவன் தனியார் பள்ளியிலேயே தங்கிவிடுவான். அப்போது இது பாரபட்சம், வேறு பேர் கிடையாது.

2029-இல் விடுபடும் 54,000 யாருக்கு என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். மகள் 2033-இல் பன்னிரண்டாவது முடிப்பாள். அவள் கல்லூரியில் இருக்கும் நாலு வருஷமும் தம்பி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பான். இரண்டு செலவும் ஒன்றாக வந்து மோதும் காலம் அது. 2029-இலிருந்து 2033 வரை அந்தப் பணத்தில் பாதியை, மாதம் 2,000 ரூபாயாவது, வங்கி ஆர்.டி.யில் போட்டால் நாலு வருஷத்தில் 96,000-மும் வட்டியும் அவள் பேரில் நிற்கும். செல்வமகள் கணக்கு நல்ல வட்டி தருவது, ஆனால் பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது தாண்டிவிட்டது. இதைப் படிப்பவர்களில் எட்டு, ஒன்பது வயதுப் பெண் உள்ளவர்கள் நாளைக்கே தபால் நிலையத்துக்குப் போங்கள். 250 ரூபாயில் தொடங்கலாம்.

"அரசுப் பள்ளி நல்லா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? வெளியில நின்னு பார்த்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது."

உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு செவ்வாயோ புதனோ, பதினோரு மணி வாக்கில் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போங்கள். ஆண்டு விழா நாளில் போனால் எல்லாப் பள்ளியும் அழகுதான்.

முதலில் கேட்க வேண்டியது, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, இந்தப் பள்ளியில் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்பது. சமவெளியிலிருந்து நியமனமாகி மலைக்கு வருபவர்கள் மாறுதல் கிடைத்ததும் இறங்கிவிடுவார்கள், அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். மலைப் பள்ளிகளின் பெரிய நோய் இது. கட்டடம் பழையது, மைதானம் சின்னது என்பதற்கெல்லாம் நான் கவலைப்பட மாட்டேன். கணித ஆசிரியர் இல்லையென்றால் அந்தப் பள்ளி வேண்டாம், பக்கத்துப் பள்ளியைப் பாருங்கள்.

அடுத்தது, அங்கே பன்னிரண்டு வரை இருக்கிறதா, கணிதம், உயிரியல் பிரிவுகள் நடக்கின்றனவா என்பது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். எட்டு முடிந்து வேறு அரசுப் பள்ளிக்குப் போனால் ஒதுக்கீடு கெடாது. ஆனால் அந்த அடுத்த பள்ளி எங்கே, எந்த பஸ் என்று இன்றே தெரிய வேண்டும். ஒன்பதில் "தூரமா இருக்கு" என்று திரும்பத் தனியாருக்குப் போனால் மூன்று வருஷம் வீண்.

பஸ்ஸை நீங்களே ஒருநாள் மாலை ஏறிப் பாருங்கள். நவம்பரில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். ரோட்டிலிருந்து வீடு வரை தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை என்றால் காட்டெருமையும் கரடியும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு ஆள் இல்லையென்றால், நாலு வீடு சேர்ந்து ஒரு ஜீப் பேச வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் பணத்தையும் 14,000-உடன் கூட்டிக்கொண்டு பிறகு முடிவெடுங்கள்.

"அரசு உதவி பெறும் பள்ளியில போட்டா ரெண்டுக்கும் நடுவா இருக்குமே?"

கட்டணத்தில் நடுவாக இருக்கும். நீலகிரியில் மிஷன் காலத்து நல்ல உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன, ஒழுங்குக்காகவே பலர் தேடிப் போகிறார்கள். தெரிந்து சேர வேண்டியது என்னவென்றால், அவை அரசுப் பள்ளி ஆகாது. 7.5 ஒதுக்கீடு அங்கே படித்தவர்களுக்கு இல்லை. மாதம் 1,000 ரூபாய் திட்டம் மட்டும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில வழிப் பிரிவு பல இடங்களில் சுயநிதிப் பிரிவாக நடக்கிறது, அதற்குக் கட்டணமும் உண்டு. போர்டில் "அரசு" என்ற சொல்லைப் பார்த்ததும் நிற்காமல் அடுத்த சொல்லையும் படியுங்கள்.

"இங்கிலீஷ் போயிடுமே சார்?"

பேசுவது கொஞ்சம் குறையும், அதை மறைக்க மாட்டேன். பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. பாடநூல் இரண்டு இடத்திலும் ஒன்றேதான், உங்கள் பள்ளி மெட்ரிக் என்பதால். சி.பி.எஸ்.இ.யிலிருந்து வருபவர்களுக்குத்தான் புத்தகம் மாறும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அவளுடைய நாலாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் அவள் படிக்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று தமிழில் கேளுங்கள். ஒரு வகுத்தல் கணக்கும் கொடுங்கள். மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் பொருள் சொல்லத் தெரியாமல் விழித்தால், இத்தனை வருஷக் கட்டணம் எதை வாங்கித் தந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பொருளோடு சொன்னால், அஸ்திவாரம் இருக்கிறது, அரசுப் பள்ளியில் கரைந்துவிடாது. 8,000 ரூபாய் டியூஷனை ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மட்டும் வையுங்கள். எல்லாப் பாடத்துக்கும் ட்யூஷன் என்று போனால் பிள்ளை இரண்டு பள்ளிக்கூடம் போவது மாதிரி ஆகிவிடும்.

"எங்க வீட்டுல வருஷக் கணக்குப் போட்டா சரியா வருது. ஆனா ஜனவரி ஃபீஸுக்கு எப்பவும் கடன்தான். ஏன்?"

இது இன்னொரு வீட்டின் கேள்வி. மலையில் இருப்பவர்களின் பணம் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில் வருவதில்லை. டாக்ஸிக்கு ஏப்ரல், மே சீசன், பிறகு செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். தேயிலை கோடை மழைக்குப் பிறகு கொழுந்து விடும், டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் இலை கருகிப் பறிப்பே நின்றுவிடும். பள்ளி மூன்று தவணை கேட்கிறது: ஜூன், அக்டோபர், ஜனவரி. முதல் இரண்டும் சீசன் பணத்தின் பின்னாலேயே வருகின்றன. ஜனவரித் தவணை பனிக்காலத்தில் வந்து விழுகிறது. வருஷக் கூட்டல் சரியாக இருந்தும் அந்த மாதம் கை காலியாக இருப்பது இதனால்தான்.

அக்டோபர் சீசன் பணத்திலேயே ஜனவரித் தவணையையும் தனியாக எடுத்து, வீட்டில் வைக்காமல், வங்கியில் மூன்று மாதத்துக்குப் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் மகளிர் குழுச் சுழற்சியில் டிசம்பர் முறையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு இது போதும், பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. தவணை நேரம் இடிப்பதும், வருஷக் கணக்கே இடிப்பதும் வேறு வேறு.

"கட்டணம் இவ்வளவுன்னு யார் முடிவு பண்றாங்க? ரசீது கொடுக்காம தனியா வாங்குறாங்களே?"

2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது, அது மூன்று வருஷத்துக்குச் செல்லும். அந்த ஆணையைக் காட்டுங்கள் என்று அலுவலகத்தில் கேட்கலாம். ரசீதில்லாத பணம் கேட்டால் "எழுதிக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பாதி குறையும்.

"மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டோம். டி.சி. தர இழுத்தடிச்சா?"

ஏப்ரல் கடைசியிலேயே எழுத்தில் விண்ணப்பித்து, கையொப்பமிட்ட நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். ஜூன் தவணையைக் கட்டிவிட்டு மாற்றாதீர்கள், திரும்பி வராது. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அடுத்த பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஆதாரையும் எமிஸ் எண்ணையும் எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் போய், பள்ளி திறக்கும் நாளிலேயே சேர்த்துவிடுங்கள். டி.சி. பின்னால் வரட்டும். சேர்ந்த தேதி ஆறாம் வகுப்பில் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். ஏழு வருஷம் கழித்துத் தலைமை ஆசிரியர் படிப்புச் சான்று கொடுக்கும்போது அந்தப் பதிவைத்தான் புரட்டுவார்.